நன்றிச் செய்தியில் ஒரு புள்ளி, ஒரு எமோஜி

வாட்ஸ்அப்பில் எழுதும் நன்றி இரண்டு வகையில் தவறிப்போகலாம். ஒன்று, வறண்டுபோய், கடமைக்கு எழுதியதுபோல் தோன்றலாம். மற்றொன்று, கும்பிடும் கைகளும் பூங்கொத்தும் சிரிப்பு முகங்களும் நிறைந்து, பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் தோன்றலாம். எழுதியவரின் மனத்தில் இந்த இரண்டுமே இருந்திருக்காது. நேரில் நன்றி சொல்லும்போது குரலின் இறக்கமும், முகத்தின் மலர்ச்சியும், கையைப் பற்றிக்கொள்வதும் வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றன. திரையில் இவை எதுவும் இல்லாததால், படிப்பவர் அந்தக் குறையை நிறுத்தக்குறிகளையும் எமோஜிகளையும் வைத்து நிரப்பிக்கொள்கிறார். அவற்றை அவரவர் வயதுக்கும் பழக்கத்துக்கும் ஏற்பப் படிக்கிறார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மரியாதையும் நெருக்கமும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'கொடுத்தீங்க' என்ற விகுதியும், 'பெரியம்மா', 'அண்ணே', 'மேடம்' என்ற விளியும், செய்த உதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் சேர்ந்தாலே நன்றியின் பெரும்பகுதி முடிந்துவிடும். புள்ளியும் எமோஜியும் அதற்குப் பிறகு தொனியைச் சரிசெய்ய மட்டுமே தேவைப்படுகின்றன. சொல்லே இல்லாமல் அவற்றை மட்டும் அனுப்பும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முற்றுப்புள்ளி எப்போது முகம் சுளிக்கிறது

அச்சில் முற்றுப்புள்ளிக்கு உணர்ச்சி கிடையாது. வாக்கியம் முடிந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. குறுஞ்செய்தியில் நிலைமை மாறிவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே செய்தி முடிந்துவிட்டது எல்லோருக்கும் தெரிவதால், முடிவைக் காட்டப் புள்ளி தேவைப்படுவதில்லை. தேவையில்லாத இடத்தில் வைத்த புள்ளிக்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று படிப்பவரின் மனம் தேடுகிறது. 'அவ்வளவுதான், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை' என்ற காரணம் எளிதில் அகப்படுகிறது.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்கள் 126 பேருக்குச் சிறு உரையாடல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பதில்கள் 'சரி', 'ஆமாம்' போன்ற ஒற்றைச் சொற்கள். குறுஞ்செய்தியாகக் காட்டியபோது, புள்ளி வைத்த பதில் புள்ளி இல்லாததைவிட உண்மைத்தன்மை குறைந்ததாக மாணவர்களுக்குப் பட்டது. அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச் சீட்டாகக் காட்டியபோது இந்த வேறுபாடு தெரியவில்லை. குறை புள்ளியில் இல்லை. அது இருக்கும் இடத்தில்தான் என்பதை இது காட்டுகிறது.

சோதனையில் பயன்பட்டவை ஒற்றைச் சொல் பதில்கள் என்பதை மறக்கக் கூடாது. 'நன்றி.' என்று ஒரே சொல்லும் புள்ளியும் மட்டும் வந்தால் அது கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கிறது. 'அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, ரொம்ப உதவியா இருந்துச்சு. நன்றி சார்.' என்பதில் அதே புள்ளி உறுத்துவதில்லை. வாக்கியங்கள் இரண்டு மூன்றாகும்போது அவற்றைப் பிரிக்கும் பழைய வேலைக்கே புள்ளி திரும்பிவிடுகிறது. ஆகவே ஒற்றைச் சொல் நன்றிக்குப் புள்ளி வேண்டாம். வாக்கியங்களாக எழுதும் நன்றிக்கு வேண்டும். ஒற்றைச் சொல் நன்றியையே தவிர்த்துவிட்டால் இந்தக் கவலைக்கே இடமில்லை.

ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளிகளும்

புள்ளியின் குளிர்ச்சியைப் போக்க இளையவர்கள் ஆச்சரியக்குறியை நாடுகிறார்கள். 'தேங்க்ஸ்!' என்பதில் உள்ள குறி வியப்பைக் காட்டுவதில்லை. 'சிரித்த முகத்தோடு சொல்கிறேன்' என்பதே அதன் பொருள். ஒரு செய்திக்கு ஒன்று போதும். மூன்று நான்காக அடுக்கும்போது, இளையவர் காதில் கூடுதல் உற்சாகமாகவும் மூத்தவர் காதில் கூச்சலாகவும் கேட்கிறது.

தமிழ் எழுத்தில் இந்தக் குறிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 'தோழர்களே!', 'பெரியோர்களே!' என்று விளிக்குப் பின்னால் அதை வைப்பது மேடைப் பேச்சிலும் துண்டறிக்கையிலும் வழக்கம். அதைப் பார்த்து வளர்ந்த மூத்தவருக்கு 'பெரியப்பா!' என்று தொடங்கும் செய்தி ஒலிபெருக்கியில் அழைப்பதுபோல் இருக்கும். 'பெரியப்பா,' என்று காற்புள்ளி வைத்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சைத் தொடங்கும் தொனி வந்துவிடுகிறது.

மூன்று புள்ளிகளை இரு தலைமுறையும் நேர் எதிராகப் படிக்கின்றன. 'சரிப்பா... நல்லா இருங்க... அம்மாவைக் கேட்டதா சொல்லு...' என்று பல மூத்தவர்கள் எழுதுகிறார்கள். ஒரு நினைப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியாகத்தான் அவர்கள் அதை வைக்கிறார்கள். இளையவர்களிடையே 'சரி...' என்றால் மனத்தாங்கல், தயக்கம், சொல்லாமல் விட்ட குறை என்று பொருள். மூத்தவரின் செய்தியில் இந்தப் புள்ளிகளைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. தான் எழுதும் நன்றியில் 'நன்றி...' என்று முடிப்பதை மட்டும் இளையவர் தவிர்ப்பது நல்லது. அலுவலகச் செய்தியில் அது 'ஆனாலும்' என்ற சொல்லுக்கு முந்தைய நிறுத்தம்போல் நிற்கும்.

ஒரே படம், வேறு வேறு பொருள்

எமோஜி ஜப்பானில் பிறந்தது. டோகோமோ என்ற ஜப்பானியக் கைப்பேசி நிறுவனம் 1999இல் வெளியிட்ட 176 சிறு படங்களின் தொகுதி அதன் வளர்ச்சியில் பெரிய படி. உலகெங்கும் எல்லாக் கருவிகளிலும் ஒரே குறியீட்டில் இயங்க வேண்டும் என்பதற்காக 2010இல் யூனிகோடு 6.0 பதிப்பில் நூற்றுக்கணக்கான எமோஜிகள் சேர்க்கப்பட்டன. யூனிகோடு ஒவ்வொரு படத்துக்கும் எண்ணும் பெயரும் மட்டுமே தருகிறது. படத்தை வரைவது ஒவ்வொரு நிறுவனத்தின் வேலை. அதனால் அனுப்பியவர் போனில் தெரியும் முகமும் பெறுபவர் போனில் தெரியும் முகமும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. பல்லைக் காட்டும் முகம் 😁 ஒரு காலத்தில் சில போன்களில் மலர்ந்த சிரிப்பாகவும் வேறு சிலவற்றில் பல்லைக் கடிப்பதாகவும் தெரிந்தது. இப்போது வடிவங்கள் நெருங்கி வந்துவிட்டன. ஆனாலும் புதிதாகச் சேர்ந்த எமோஜிகள் பழைய போனில் வெறும் கட்டமாகத் தெரியும். பழைய போனைக் கைவிடாத பெரியவருக்குப் பழைய எமோஜியே பாதுகாப்பு.

நன்றிச் செய்திகளில் அதிகம் புழங்குவது 🙏. ஜப்பானில் கை குவிப்பது வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் மன்னிப்புக்கும் உரிய சைகை. தமிழருக்கு அது வணக்கம், நன்றி, இறைவனிடம் வேண்டுதல் மூன்றையும் குறிக்கும். இரங்கல் செய்திகளிலும் அதையே வைக்கிறோம். இத்தனை பொருளையும் ஒரே படம் சுமப்பதால், சொல் இல்லாமல் தனியாக வரும் 🙏 தெளிவில்லாமல் போகிறது. குடும்பக் குழுவில் ஒருவரின் மறைவுச் செய்திக்கும் இன்னொருவரின் வேலை உயர்வுச் செய்திக்கும் அடுத்தடுத்து வெறும் 🙏 விழும்போது, எது எதற்கு என்று தேடவேண்டியிருக்கும். 'நன்றி' என்ற சொல் அருகில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில் துஆவைக் குறிக்க ஏந்திய கைகளை 🤲 வைக்கும் பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பெரியவருக்கு எழுதும்போது அவர் எதை அனுப்புகிறாரோ அதையே திருப்பி அனுப்புவது பொருத்தம்.

தலைமுறைகளுக்கு இடையில் தடுமாறும் படங்கள் இன்னும் சில உண்டு. கண்ணீர் வரச் சிரிக்கும் 😂 முகத்தில் பல மூத்தவர்கள் கண்ணீரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை அழுகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாறாக, ஓவென அழும் 😭 முகத்தை இளையவர்கள் தாங்க முடியாத சிரிப்புக்கும் மகிழ்ச்சிக்கும் வைக்கிறார்கள். இலேசாக வாய் வளைந்த 🙂 மூத்தவர்க்கு எளிய புன்னகை. இளையவர் பலருக்கோ அது எரிச்சலை அடக்கிய முகம். கன்னம் சிவந்து கண்ணும் சிரிக்கும் 😊 முகத்தில் இந்தக் குழப்பம் குறைவு. கட்டை விரலை உயர்த்தும் 👍 ஐம்பது வயதுக்காரரிடமிருந்து வந்தால் 'நல்லது, மகிழ்ச்சி' என்று பொருள். அதையே இருபது வயதுக்காரர் 'பார்த்தேன், போ' என்று படிக்கக்கூடும். இரு கைகளையும் உயர்த்தும் 🙌 யூனிகோடில் கொண்டாட்டத்துக்கென்றே பெயர் பெற்றது. நம் பெரியவர்கள் பலர் அதை ஆசீர்வாதமாக அனுப்புகிறார்கள். பெரியவர் இளையவரை ஆசீர்வதிப்பது இயல்பு; இளையவர் அதே படத்தைப் பெரியவருக்கு அனுப்பினால் இடம் மாறிவிடும்.

பெரியவர்களுக்கு

தமிழ் வீடுகளில் நெருங்கிய பெரியவர்களிடம் 'நன்றி' என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் குறைவு. பெரியப்பா செய்த உதவிக்கு வெறும் 'நன்றி பெரியப்பா' என்று அனுப்பினால், கணக்குத் தீர்த்ததுபோல் ஒரு விலகல் வந்துவிடும். செய்த உதவியையும் அதனால் விளைந்த பயனையும் சொல்லிவிட்டு, கடைசியில் நன்றியை வைத்தால் அந்த விலகல் மறையும். முதலில் விளி, பிறகு காற்புள்ளி, உதவியைச் சொல்லும் ஒரு வாக்கியம், பயனைச் சொல்லும் இன்னொரு வாக்கியம், நன்றி, ஒரே ஒரு 🙏 என்ற வரிசை பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொருந்தும்.

ஒரே செய்தியாக அனுப்புவது இங்கே முக்கியம். இளையவர்கள் 'பெரியப்பா', 'பணம் வந்துச்சு', 'தேங்க்ஸ்', '🙏🙏' என்று நான்கு துண்டாக அனுப்பிப் பழகியவர்கள். பெரியவர் போனில் நான்கு முறை மணி அடிக்கும். முதல் துண்டைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறவும் கூடும். பல பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள் என்பதால் செய்தி நீண்டுவிடவும் கூடாது. நான்கைந்து வரிக்குள் முடித்துவிட வேண்டும். பார்வை குறைந்தவர் போனில் திரையை வாசிக்கும் வசதி இயங்கினால், அது எமோஜியின் பெயரையும் உரக்கச் சொல்லும். பத்துக் கும்பிடும் கைகளை அடுக்கினால் நன்றியைவிட அந்தப் பெயரே அதிகம் காதில் விழும்.

குளிர்ச்சியான செய்தி பெரும்பாலும் தமிழைக் கைவிட்ட சுருக்கங்களில் இருந்து வருகிறது. 'tnx', 'k', 'ty' என்பவை நண்பருக்குச் சரி. பெரியவருக்கு அவை அவசரத்தின் அடையாளம். தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம். விகுதியை மட்டும் விழுங்கிவிடக் கூடாது. 'kuduthinga' என்பதில் மரியாதை இருக்கிறது, 'kudutha' என்பதில் அது போய்விடுகிறது. எந்த எமோஜியாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் செய்தியில் பெரும்பாலும் படங்களின் வகை அதிகமாக இருக்கும். 🙏 மட்டும் இருந்தால் அது வணக்கம். அதோடு 🔥, 🥳, 💯 சேர்ந்தால் நண்பர்கள் குழுவுக்கு எழுதியது தவறி வந்துவிட்டதுபோல் இருக்கும். பெரியவரே ரோஜாவும் பூங்கொத்தும் நிறைய அனுப்புபவராக இருந்தால், பதிலுக்கு ஒரு 💐 வைப்பதில் தவறில்லை. அவர் வைப்பதைவிடக் குறைவாக வைப்பது என்றும் பொருந்தும் வழி.

சம வயதினருக்கு

நண்பர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் எழுதும்போது விதிகள் தளர்கின்றன. இங்கே அதிக மரியாதையே குளிர்ச்சியாகத் தெரியும். தினமும் 'டேய்' என்று அழைக்கும் நண்பனுக்கு 'தங்கள் உதவிக்கு மிக்க நன்றி.' என்று எழுதினால் அவன் கோபமா என்று கேட்பான். அவனிடம் வழக்கமாகப் பேசும் தொனியையே நன்றியிலும் வைத்துக்கொள்ளலாம். முற்றுப்புள்ளியை விடலாம், ஆச்சரியக்குறி ஒன்று வைக்கலாம், துண்டு துண்டாகவும் அனுப்பலாம்.

இங்கே நேரும் தவறு வேறு வகையானது. எமோஜிகளும் ஸ்டிக்கர்களும் தினமும் பறப்பதால், உண்மையான நன்றியும் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு ரத்தம் கொடுக்க ஓடிவந்த நண்பனுக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தவனுக்கும் அதே ❤️ போனால், பெரிய உதவி சிறியதாகிவிடும். பெரிய உதவிக்கு வழக்கத்தைவிட எமோஜியைக் குறைத்து, சொல்லைக் கூட்டுவது பயன் தரும். எப்போதும் படங்களால் பேசுபவர் ஒருநாள் இரண்டு முழு வாக்கியம் எழுதினால், அதன் எடை நண்பருக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் 2022இல் வந்த எதிர்வினை வசதி, செய்தியின் மேலேயே ஒரு எமோஜியை ஒட்டவிடுகிறது. கேட்ட கோப்பை அனுப்பியதற்கும் வழி சொன்னதற்கும் அது போதும். யாராவது நேரமோ பணமோ செலவிட்டு உதவியிருந்தால் எதிர்வினை மட்டும் போதாது; ஒரு வரியாவது எழுத வேண்டும். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் வயதில் பத்துப் பதினைந்து ஆண்டு மூத்தவராக இருந்தால், பதவி சமமாக இருந்தாலும் அவரைப் பெரியவர் கணக்கில் வைப்பதே தமிழ் வழக்கம். 'அண்ணே', 'அக்கா' என்ற விளி இந்த இடைநிலையைச் சுமந்துவிடுவதால் 😊 போன்ற ஒரு முகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாடிக்கையாளருக்கு

வாடிக்கையாளருக்கு எழுதும் நன்றியில் அன்பைவிட நம்பிக்கை முக்கியம். இஸ்ரேல், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அறிமுகமில்லாதவருக்கு எழுதும் முதல் அலுவல் கடிதத்தில் சிரிப்பு முகம் வைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது. எழுதியவர் கூடுதல் அன்பானவராகத் தோன்றவில்லை. திறமை குறைந்தவராகத் தோன்றினார். சூழல் இறுக்கம் தளர்ந்ததாக இருக்கும்போது இந்தப் பாதிப்பு தெரியவில்லை. முதல் சில செய்திகளில் முகங்களைத் தவிர்ப்பதும், வாடிக்கையாளர் தாமாக ஒரு 😊 அனுப்பிய பிறகு அதே அளவில் பதில் வைப்பதும் நல்ல வழி என்பதற்கு இது ஆதாரம்.

தமிழ்நாட்டுச் சிறு வணிகத்தில் 🙏 இதற்கு விலக்கு. கடைக்காரர் கைகூப்பி வரவேற்பதுபோல் அது எல்லோருக்கும் பழகிய சைகை. செய்தியின் கடைசியில் ஒன்று வைத்தால் தரம் குறைவதில்லை. பெரிய நிறுவனத்துக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ எழுதும்போது அதையும் விட்டுவிடலாம். ❤️, 😘 போன்றவற்றுக்கு இங்கே இடமே இல்லை. எதிர்பாலினத்தவரான வாடிக்கையாளருக்கு அவை சங்கடத்தைத் தரும்; அந்தச் சங்கடத்தை அவர் வெளியே சொல்லவும் மாட்டார்.

👍 படத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிசெய்யும்படி கேட்டது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதே அதன் பொருள் என்று பிறகு வாதிட்டார். அந்தப் படமே கையொப்பத்துக்குச் சமம் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. அது அந்த நாட்டின் சட்டம். அந்த இருவரின் முந்தைய வணிகப் பழக்கத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் நம் ஊர்க் கடைக்காரருக்கும் இதில் பாடம் உண்டு. வாடிக்கையாளர் பாராட்டோடு சேர்த்து 'அடுத்த வாரமே இன்னொன்று வேண்டும், விலை கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தால், பாராட்டுக்கு நன்றியாக வைத்த 👍 விலைக் குறைப்புக்கும் சம்மதமாகிவிடும். 'பாராட்டுக்கு நன்றி. விலையைப் பார்த்துவிட்டு மாலையில் சொல்கிறேன்.' என்று இரண்டையும் பிரித்து எழுதுவது இருவருக்கும் நல்லது.

ஒரே நாளில் மூன்று நன்றி

மூன்று உறவும் எப்படிப் பிரிகின்றன என்பதை ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். மதுரையில் வீட்டிலேயே ஆரி வேலை ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு அவசரமாக ஒரு முகூர்த்த ரவிக்கை வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருப் பெரியம்மா வந்து இரவு பத்து மணி வரை கொக்கி தைத்து உதவுகிறார். அதே தொழில் செய்யும் தோழி தன் ஆரி ஃப்ரேமை இரவல் தருகிறாள். மறுநாள் ரவிக்கையை வாங்கிக்கொண்ட மணப்பெண்ணின் அம்மா மீதித் தொகையை அனுப்பி, 'ரொம்ப அழகா இருக்கு' என்று எழுதுகிறார்.

அலுப்பில் மூவருக்கும் 'Thank u so much 😍🔥🙏' என்ற ஒரே செய்தி போவது எளிது. பெரியம்மாவுக்கு அதில் உறவும் இல்லை, உதவியும் இல்லை. நெருப்பு எதற்கென்று அவருக்குப் புரியாது. தோழிக்கு அது பத்துப் பேருக்கு அனுப்பிய செய்திபோல் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்பதே தெரியாது.

பெரியம்மாவுக்கு இப்படி எழுதலாம்:

'பெரியம்மா, நேத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் இருந்து கொக்கி தைச்சுக் கொடுத்தீங்க. அதனாலதான் இன்னிக்குக் காலைல ரவிக்கையைக் கொடுக்க முடிஞ்சுது. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ரொம்ப நன்றி பெரியம்மா 🙏'

உதவியும் பயனும் விளியும் சொல்லில் வந்துவிட்டன. கடைசி வரியில் புள்ளிக்குப் பதிலாக 🙏 நிற்கிறது. அதுவே முடிவையும் மரியாதையையும் காட்டிவிடுகிறது. பெரியம்மா 'சரிம்மா... உடம்பப் பாத்துக்கோ...' என்று பதில் எழுதினால், அதில் வருத்தம் தேட வேண்டியதில்லை.

தோழிக்கு:

'ஃப்ரேம் கொடுத்தியே, தேங்க்ஸ் டி! நீ இல்லைன்னா நேத்து முடிச்சிருக்கவே மாட்டேன் 😊 நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்'

இதில் ஆச்சரியக்குறி ஒன்றும் முகம் ஒன்றும் இருக்கின்றன. கடைசியில் புள்ளி இல்லை. பேச்சு தொடரும் என்ற உணர்வு இருக்கிறது. எப்போது திருப்பித் தருவேன் என்று சொன்னதில்தான் இந்த நன்றியின் கனம் இருக்கிறது.

வாடிக்கையாளருக்கு:

'வணக்கம் மேடம். மீதித் தொகை ரூ.4,500 வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. ரவிக்கை உங்களுக்குப் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி. அளவில் ஏதாவது திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள் 🙏'

இங்கே கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றுக்குப் புள்ளி உண்டு, ஆச்சரியக்குறி இல்லை. வாழ்த்தும் 🙏 படமும் அன்பைச் சுமக்கின்றன. தொகையும் நாளும் நம்பிக்கையைத் தருகின்றன. அந்த அம்மா முன்பே ❤️ வைத்து எழுதியிருந்தாலும், பதிலில் 🙏 அல்லது 😊 போதும்.

தவறியதை எப்படி அறிவது

செய்தி தவறாகப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் பதிலில் தெரிந்துவிடும். 'என்ன ஆச்சு, கோபமா?' என்று நண்பர் கேட்டால் செய்தி குளிர்ந்துவிட்டது. சிரிப்பு முகத்துக்குப் பதிலாக 'ஏன்ம்மா அழறே?' என்று பெரியவர் போன் செய்தால் படம் மாறிப் படிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமாக விரிவாக எழுதும் வாடிக்கையாளர் திடீரென்று 'சரி' என்று சுருக்கினால், முந்தைய செய்தியை ஒருமுறை திரும்பப் படிப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும். அதற்குள் கண்ணில் பட்டால் ஒரு சொல்லையோ படத்தையோ மாற்றிவிடலாம். காலம் கடந்துவிட்டால் இன்னொரு எமோஜியால் விளக்க முயல்வது குழப்பத்தைக் கூட்டும். பெரியவருக்கும் நண்பருக்கும் ஒரு போன் அழைப்பு, வாடிக்கையாளருக்குத் தெளிவான ஒரு வாக்கியம் என்பதே சரியான மருந்து.

சில இடங்களில் எழுத்தே போதாது. துக்க வீட்டில் உடனிருந்தவர்களுக்கும், பெரிய தொகை கொடுத்து உதவிய உறவினருக்கும் முதல் நன்றி நேரிலோ குரலிலோ சொல்லப்பட வேண்டியது. செய்தி அதற்குப் பிறகு வரலாம். குடும்பக் குழுவில் 'வந்திருந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி 🙏' என்று எழுதுவது பொதுவான நன்றிக்குச் சரி. பந்தியைக் கவனித்துக்கொண்ட மாமாவுக்கும் முந்தின நாளே வந்து வேலை பார்த்த அத்தைக்கும் அது போதாது. அவர்களுக்குத் தனியாக, அவர்கள் செய்ததைச் சொல்லி, ஒரு செய்தி போக வேண்டும்.

அனுப்பும் முன் செய்திக்கு ஒரு சிறு சோதனை வைக்கலாம். எமோஜிகளையெல்லாம் நீக்கிவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். யாருக்கு, எதற்கு நன்றி என்பது அப்போதும் தெளிவாக இருந்து, மரியாதையும் குறையாமல் இருந்தால், பெறுபவருக்குப் பழகிய ஒரு படத்தைக் கடைசியில் சேர்க்கலாம், சேர்க்காமலும் அனுப்பலாம். நீக்கியதும் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே குறைவது சொல். எழுத வேண்டியது இன்னொரு வாக்கியம்.